ஒற்றை அடுப்பும் உளுந்தஞ்சோறும்

பாஞ்சாலங்குறிச்சியில் 1974இல் கட்டப்பட்ட நினைவுக்கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுகிறார்கள். வேலைக்காக ஓட்டப்பிடாரத்தில் அறை எடுத்துத் தங்குகிறவனுக்குத்தான் இந்த ஊர்களின் இரவு தெரியும். எட்டு மணிக்கு மேல் கைக்கு எட்டுவது பெரும்பாலும் புரோட்டாதான். ஆறு மாதம் அப்படிக் கழிந்தபின் என் வயிறு இரவெல்லாம் எரியத் தொடங்கியது. ஐந்து கிலோ சிலிண்டரும், அதன் தலையிலேயே பொருத்திய ஒற்றை அடுப்பும், மூன்று லிட்டர் குக்கரும் அறைக்குள் வந்தது அதன்பிறகே.

என்ன சமைப்பது என்ற கேள்விக்குக் கரிசல் மண்ணே பதில் வைத்திருந்தது. புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைத்து மார்கழி, தையில் அறுக்கும் உளுந்து இங்கே மானாவாரிப் பயிர். அரிசியோடு சேர்த்து அதை ஒரே பானையில் வேகவைக்கும் உளுந்தஞ்சோறு நெல்லை, தூத்துக்குடி வீடுகளின் பழைய உணவு. தாளிப்பு கிடையாது, குழம்பும் வேண்டாம். சமையல் அறியாதவனுக்கு இதைவிடத் தோதான பண்டம் இல்லை.

கடையில் வெறுமனே உளுந்து என்று கேட்டால் இட்லிக்குப் போடும் வெள்ளை உளுந்தைக் கட்டிவிடுவார்கள். தொலி உளுந்து என்று கேட்க வேண்டும். கருந்தோலோடு உடைத்த பருப்பு அது. ஒருவருக்கு அரை டம்ளர் புழுங்கலரிசி, கால் டம்ளர் தொலி உளுந்து, எட்டுப் பல் பூண்டு, கால் தேக்கரண்டி வெந்தயம், அரைத் தேக்கரண்டி சீரகம், இரண்டு கரண்டி தேங்காய்த் துருவல், உப்பு. அரிசியும் பருப்பும் சேர்ந்து முக்கால் டம்ளர். தண்ணீர் அதற்கு மும்மடங்கு, அதாவது இரண்டே கால் டம்ளர்.

முதலில் வெறும் குக்கரிலேயே உளுந்தைச் சிறுதீயில் வறுக்க வேண்டும். எத்தனை நிமிடம் என்று வீட்டுக்கார ஆச்சியிடம் கேட்டேன். "நிமிசக் கணக்கெல்லாம் எதுக்கு தம்பி? வாசம் வாசலுக்கு வந்ததும் இறக்கிருங்க" என்றார். வறுக்காத உளுந்து சோற்றைக் கொழகொழப்பாக்கிவிடும். வறுத்ததை அரிசியோடு களைந்து, அளந்த தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவிட்டால் குளித்துவிட்டு வந்துவிடலாம்.

தண்ணீரில்தான் இந்தப் பகுதியின் சிக்கல் இருக்கிறது. உப்பு நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து பருப்பின் செல்சுவர்களை இறுக்கிவிடுவதால், எத்தனை விசில் விட்டாலும் பருப்பு விதையாகவே நிற்கும். குடிப்பதற்கு வாங்கும் தண்ணீரையே உலைக்கும் வைக்க வேண்டும். புளிப்பும் பருப்பை வேகவிடாது. ஆகவே புளி குக்கருக்குள் போகக்கூடாது, துவையலுக்குத்தான்.

எல்லாவற்றையும் போட்டு மூடாமல் கொதிக்கவிட்டால் உளுந்து நுரைக்கும். அந்த நுரையை எடுத்துவிட்டு, ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, ஆவித்துளையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டு மூடவேண்டும். ஆவி சீராக வந்தபின் வெயிட். முதல் விசில் வந்ததும் தீயை நன்றாகக் குறைத்துப் பத்து நிமிடம். விசிலை எண்ணுவதில் பயனில்லை. அது தீயின் அளவுக்கேற்ப அவசரமாகவோ சாவகாசமாகவோ வரும்.

குக்கர் தன் நிலையைத் தானே சொல்லும். வெயிட் அசையாமல் மூடியின் விளிம்பில் ஆவி கசிந்தால் கேஸ்கெட் இறுகிப்போயிற்று என்று பொருள். தண்ணீர் வற்றி அடிப்பிடிக்கும். வெயிட்டைச் சுற்றிக் கஞ்சி தெறித்தால் தீ அதிகம், அல்லது அளவு அதிகம். நுரைக்கும் பருப்பை அரைக் குக்கருக்கு மேல் ஏற்றக்கூடாது. நெடுநேரம் சூடேறியும் எங்குமே ஆவி வரவில்லையென்றால் உளுந்தின் தோல் துளையை அடைத்திருக்கலாம். அடுப்பை அணைத்து, முழுதும் ஆறும்வரை மூடியைத் தொடாமலிருப்பதே நல்லது.

அணைத்தபின் ஆவி தானாக அடங்கப் பத்துப் பதினைந்து நிமிடமாகும். அந்த நேரம்தான் ஒற்றை அடுப்புக்காரனின் இரண்டாவது அடுப்பு. குக்கரைக் கீழே இறக்கிவிட்டு, தாளிப்புக் கரண்டியில் இரண்டு தேக்கரண்டி எள்ளைப் படபடவென்று வெடிக்கும்வரை வறுத்து, இரண்டு வற்றலையும் வறுத்து, நெல்லிக்காயில் பாதி புளியும் உப்பும் ஒரு பல் பூண்டும் சேர்த்து இடிகல்லில் தட்டினால் எள்ளுத் துவையல். மிக்ஸி இல்லாதது ஒரு குறையாகவே தெரியவில்லை.

வெயிட் தளர்ந்ததும் திறந்து, தேங்காய்த் துருவலைத் தூவிக் கிளறி, நல்லெண்ணெய் விட்டுச் சாப்பிட வேண்டியதுதான். பருப்பை விரலால் நசுக்கினால் தோல் தனியே வழுக்க வேண்டும். சோறு குழைந்திருக்கலாம், ஆனால் களியாகியிருக்கக் கூடாது. மிச்சம் வைக்க முடியாது. ஆறினால் இறுகும், கரிசல் வெயிலில் விடிவதற்குள் புளித்துவிடும். ஒருவனுக்கு ஒரு வேளைக்கு மட்டுமே சமைக்கச் சொல்லும் உணவு இது. பெரியவளான பெண்ணுக்கு உளுந்தங்களி கிண்டி ஊட்டும் ஊரில், ஓர் ஆண் தன் இடுப்புக்கும் வயிற்றுக்குமாகத் தானே உளுந்து வறுத்துக்கொள்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.