டேங்க் கேட்கப் போய் டிரம் பிடிச்ச கதை

மிளகு வேலை முடிஞ்சு இப்பத்தான் எழுத நேரம் கிடைச்சுது.

எங்க ஊர்ல இருக்கற குடிதண்ணி டேங்க் 10,000 லிட்டர். கோடையில காலையில ஏழு மணிக்கே காலி. ஆகஸ்ட் 15 கிராம சபையில புது டேங்க் கேக்கலாம்னு தம்பி பையன் லேப்டாப்புல எட்டு ஸ்லைடு போட்டான். 30,000 லிட்டர், உயரமான தூண் மேல. ஏன் 30,000ன்னா, பக்கத்து ஊர்ல அதுதான் இருக்குது!

வீட்டுல போட்டுக் காட்டினப்போ ஆயா ஒண்ணுதான் கேட்டுச்சு: "டேங்க் பெருசா வெச்சா போர்ல தண்ணி ஊறிருமா சாமி?"

நல்லவேளை, ஏப்ரல்லயே நாங்க போர் தண்ணிய அளந்து வெச்சிருந்தோம். 200 லிட்டர் டிரம், கையில வாட்ச், அவ்வளவுதான். மோட்டார் போட்டவுடனே பிடிச்சப்போ நாலு நிமிசத்துல ரொம்பிருச்சு. அது குழிக்குள்ள தேங்கி நின்ன தண்ணி. அதை நம்புனா ஏமாந்துருவோம். மூணு மணி நேரம் ஓடவிட்டுப் பிடிச்சா எட்டு நிமிசம் ஆச்சு. அதாவது மணிக்கு 1,500 லிட்டர். அதுக்கப்புறம் குறையல.

ஊர்ல 360 பேர். ஜல் ஜீவன் திட்டக் கணக்குல ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர்னு வெச்சா 19,800 லிட்டர் வேணும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மோட்டார் போட்டா காலையில ஆறு வரைக்கும் 13 மணி நேரத்துல 19,500 வரும். ஆனா பழைய டேங்க் ராத்திரி பன்னெண்டுக்குள்ள ரொம்பிருது, மோட்டாரை நிறுத்திடறாங்க. மீதி ராத்திரி போர் சும்மா கிடக்குது. எங்க குறை இதுதான். 20,000 லிட்டர் டேங்க் போதும். 30,000 கட்டினா கோடையில முழுசா ரொம்பவே ரொம்பாது.

இந்தக் கணக்கு எட்டு ஸ்லைடுல ஒண்ணுலகூட இல்லை. மொத்தத்தையும் அழிச்சு நாலா எழுதினோம்.

அடுத்தது இடம். மலையில இருந்துக்கிட்டு தூணுக்கு எதுக்குக் காசு? ஊருக்கு மேல ஒரு மேடு இருக்குது. கொத்தனாரைக் கூட்டிட்டுப் போயி தண்ணி ஊத்தின டியூப்ப வெச்சுக் கொஞ்சம் கொஞ்சமா மட்டம் பார்த்தோம். மேட்டுத் தரையும் பழைய டேங்க்கோட தலையும் ஏறக்குறைய ஒரே மட்டம். அதனால தரையிலயே தொட்டி கட்டிக்கலாம், இருக்கற மோட்டாரே ஏத்திரும். பைப்பு மட்டும் கொஞ்சம் நீளமா வேணும். அந்த மேடு வனத்துறை எல்லைக்குள்ள வருதான்னு முதல்லயே பார்த்துட்டோம், வரலை. வந்திருந்தா அனுமதிக்கே அலைய வேண்டியிருக்கும்.

கடைசி ஸ்லைடு பணம். 15-வது நிதிக்குழு மானியத்துல குடிநீருக்குன்னே ஒரு பங்கு ஒதுக்கணும்னு இருந்துச்சு, அதுல இருந்து கேட்டோம்.

சபையில கரண்ட் இல்லை, புரொஜக்டரும் ஓடலை. டிரம் கணக்கை வாயாலயே சொன்னோம். தீர்மானம் போட்டுட்டாங்க. இனி இன்ஜினியர் வந்து எஸ்டிமேட் போடணும். அவர் மழைக்காலத்துல வந்து போரை ஓட்டிப் பார்த்தா தண்ணி பொங்கும், "டேங்க்கை இன்னும் பெருசாக் கட்டலாமே"ம்பாரு. அதனால ஏப்ரல்ல அளந்த கணக்கைத் தேதி போட்டு தீர்மானத்தோடயே சேர்க்கச் சொல்லியிருக்கோம்.