சாப் இருக்கிறது, சங்கதி எங்கே?

செலாயாங்கில், கீழே கடைகளும் மேலே அடுக்குவீடுகளுமாக ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. முதல் மாடித் தளத்துக்குக் கான்கிரீட் ஊற்ற நாள் குறித்துவிட்டார்கள். அதற்கு முன் முட்டுச் சாரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகச் சொல்லி, சைட் மேற்பார்வையாளர் அழைத்திருந்தார். "லெட்டர் வந்திருச்சு அண்ணே. எஞ்சினியர் சாப் அடிச்சுக் கொடுத்துட்டாரு" என்று கோப்பை நீட்டினார்.

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: 'முதல் மாடித் தளத்தின் தற்காலிகத் தாங்கு அமைப்பு சரிபார்க்கப்பட்டது. அது பாதுகாப்பானது, பயன்பாட்டுக்கு ஏற்றது.' கீழே கையெழுத்து, தேதி, முத்திரை.

எந்த வரைபடத்தைச் சரிபார்த்தார்கள் என்று அதில் இல்லை. பின்னால் இணைத்திருந்த கணக்குத் தாளைப் புரட்டினேன். உத்தரத்தின் ஆழம் 600 மி.மீ. என்று போட்டிருந்தது. சுவரில் ஒட்டியிருந்த வரைபடமோ திருத்தம் பி. அதில் அதே உத்தரம் 900 மி.மீ. அகலம் 300 மி.மீ. என்பதால், ஒரு மீட்டர் நீளத்துக்கு 4.5 கிலோநியூட்டனாக இருந்த கான்கிரீட் எடை 6.75 ஆகிவிடுகிறது. சாரத்தைத் தொட்டுப் பார்த்து யாராலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. வரைபட எண்ணையும் திருத்த எழுத்தையும் கடிதத்தில் எழுதியிருந்தால், படிக்கத் தெரிந்த எவரும் ஒரு நிமிடத்தில் பிடித்திருப்பார்.

சாரத்துக்குள் குனிந்து நுழைந்தோம். தளத்தின் கனம் 250 மி.மீ. சதுர மீட்டருக்குக் கான்கிரீட் 6.25 கிலோநியூட்டன், பலகையும் சட்டமும் 0.5, ஆட்களுக்கும் கருவிகளுக்கும் 1.5. மொத்தம் 8.25. கால்கள் 1.2 மீட்டருக்கு 1.5 மீட்டர் இடைவெளியில் நிற்பதால் ஒவ்வொரு காலும் ஏறக்குறைய 15 கிலோநியூட்டன், அதாவது ஒன்றரை டன் சுமக்கும். அந்தக் காலுக்கு இது பெரிய சுமையல்ல. சாரம் பெரும்பாலும் நேர் சுமையால் மட்டும் விழுவதில்லை, பக்கவாட்டில் சாய்ந்தும் விழும். அதனால்தான் பிரிட்டிஷ் விதிநூலான பிஎஸ் 5975, செங்குத்துச் சுமையில் குறைந்தது 2.5 விழுக்காட்டைப் பக்கவாட்டு விசையாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. ஒரே நாளில் ஊற்றப்போகும் 200 சதுர மீட்டருக்கு அது 41 கிலோநியூட்டன். நாலு டன் தள்ளுவதற்குச் சமம்.

அந்த விசையை எது தாங்கப்போகிறது என்பதைச் சான்றிதழ் சொல்லியே ஆக வேண்டும். ஏற்கெனவே வார்த்து இறுகிய தூண்கள் மேல்முனையைப் பிடித்துக்கொள்ளும் என்று கணக்கிட்டிருந்தால், பலகைகள் தூண்களோடு இடைவெளியில்லாமல் முட்டி நிற்க வேண்டும். சாரம் தானாகவே நிற்கும் என்று கணக்கிட்டிருந்தால், குறுக்குக் கம்பி ஒன்றுகூடக் குறையக் கூடாது. இங்கே தள்ளுவண்டி போக வழி வேண்டுமென்று ஒரு வரிசையின் குறுக்குக் கம்பிகளைக் கழற்றி வைத்திருந்தார்கள். தூண் பக்கத்தில் விரல் நுழையும் இடைவெளியும் இருந்தது. எந்தக் கணக்குப்படி பார்த்தாலும் தவறுதான்.

கோடியிலிருந்த இரண்டு வரிசைக் கால்கள், அண்மையில் வடிகால் குழாய் பதித்து மூடிய பள்ளத்தின் மேல் நின்றன. சில இடங்களில் அடிப்பலகையே இல்லை. 150 மி.மீ. சதுரத் தகட்டின் வழியாக 15 கிலோநியூட்டன் இறங்கினால், மண்ணின் மேல் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 667 கிலோநியூட்டன். பிற்பகல் மழையில் ஊறிய நிரப்பு மண் அதைத் தாங்காது. மண் எவ்வளவு தாங்கும் என்று வைத்துக் கணக்கிட்டார்கள், அதைச் சைட்டில் யார் உறுதிசெய்ய வேண்டும் என்று கடிதத்தில் ஒரு வரி இருந்திருந்தால் இந்தக் கால்கள் இங்கே நின்றிருக்காது.

1972 அக்டோபர் 24ஆம் தேதி, இங்கிலாந்தின் லாடன் ஆற்றுப் பாலத்தில் கான்கிரீட் ஊற்றும்போது சாரம் சரிந்து மூவர் இறந்தார்கள். அதையடுத்து அமைந்த பிராக் குழுவின் அறிக்கை 1975இல் வந்தது. பிஎஸ் 5975 அந்த வழியில் பிறந்ததுதான். சரிபார்ப்பை அது 0 முதல் 3 வரை வகைப்படுத்துகிறது. வகை 2 என்றால் வடிவமைப்பில் பங்கேற்காத ஒருவர், வகை 3 என்றால் வேறு நிறுவனமே பார்க்க வேண்டும். செலாயாங் கடிதத்தில் வகையும் இல்லை, பார்த்தவர் வடிவமைத்தவரா வேறொருவரா என்பதும் இல்லை.

"அப்ப எப்படி எழுதச் சொல்றது அண்ணே?" என்று மேற்பார்வையாளர் கேட்டார். அங்கேயே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்:

'இன்ன எண், திருத்தம் பி வரைபடத்தையும் இன்ன கணக்குத் தாளையும், வடிவமைப்பில் பங்கேற்காத நான் வகை 2ஆகச் சரிபார்த்தேன். தளம் 250 மி.மீ., உத்தரம் 300க்கு 900 மி.மீ., வேலைச் சுமை 1.5. மேல்முனைக்குத் தூண்களின் பிடிப்பு இல்லை. எல்லாக் குறுக்குக் கம்பிகளும் இருக்க வேண்டும். மண்ணின் தாங்குதிறனை ஊற்றுவதற்கு முன் சைட் உறுதிசெய்ய வேண்டும். இது வடிவமைப்புக்கு மட்டுமான சான்று. கட்டிய சாரத்துக்கு அல்ல.'

கடைசி வாக்கியத்தை அவர் இரண்டு தடவை படித்தார். கட்டிய சாரம் வரைபடப்படி இருக்கிறதா என்று நேரில் பார்த்துச் சுமையேற்ற அனுமதி கொடுப்பது தனித் தாள், தனிக் கையெழுத்து. அந்தத் தாள் இந்தக் கோப்பில் இல்லவே இல்லை.

ஊற்றுவதைத் தள்ளிவைத்தார்கள். கான்கிரீட் லாரிக்குச் சொல்லியனுப்பும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்த இரண்டு தாள்களும் கையில் வந்து, இரண்டிலும் ஒரே திருத்த எழுத்து இருப்பதைப் பார்த்த பிறகு சொல்லியனுப்புங்கள்.