கடல் கடந்த மண்டபத்தில் தாயகத்துப் பரீட்சை

எமது முன்னோர் கேம்பிரிட்ஜ், இலண்டன் பரீட்சைகளுக்குத் தோற்றிய காலத்தில் வினாத்தாள்கள் கப்பலேறி வந்தன. விடைத்தாள்கள் கப்பலேறிச் சென்றன. இக்காலத்தில் இதன் மறுபுறத்தைக் காண்கின்றோம். தொழிலின் பொருட்டுப் பிறநாடுகளில் வாழ்வோரின் பிள்ளைகள், தம் தாயகத்துப் பரீட்சையை அந்நிய நகரிலிருந்தே எழுதுகின்றனர். இந்தியாவின் மருத்துவக் கல்லூரி அனுமதிக்கான 'நீட்' பரீட்சை இதற்கு நல்ல உதாரணமாகும். 2021 இல் குவைத்திலும் டுபாயிலும் அதற்கு நிலையங்கள் அமைந்தன. 2022 இல் வெளிநாட்டு நகரங்கள் பதினான்காயின. அவற்றுள் எமது கொழும்பும் ஒன்று.

இப்பரீட்சையின் ஒழுங்குகளுள் பெற்றோரைப் பெரிதும் மயக்குவது கடிகாரமே. 2025 மே 4 ஆம் திகதி நடந்த பரீட்சை, இந்திய நேரப்படி பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கி 5 மணிக்கு முடிந்தது. வெளிநாட்டு நிலையங்களிலும் அதே கணத்திலேயே தொடங்கியது. ஆகவே டுபாயில் அது நண்பகல் 12.30, சிங்கப்பூரில் மாலை 4.30, லாகோஸில் காலை 9.30. கொழும்பிலோ கணக்கே வேண்டியதில்லை. 2006 ஏப்பிரலில் இலங்கை தன் பழைய நேரத்துக்கு மீண்டதிலிருந்து இரு நாட்டுக் கடிகாரங்களும் ஒன்றே.

அந்தந்த ஊரின் 2 மணிக்கே நடத்தினால் என்ன என்று சிலர் வினவுவர். வினாக்கள் எங்கும் ஒன்றாயிருத்தலே தடை. சிங்கப்பூரில் 2 மணி என்பது இந்தியாவில் முற்பகல் 11.30. அங்கே வினாத்தாள் உறை பிரிக்கப்படும் வேளையில், இந்திய மாணாக்கர் மேலும் இரண்டு மணி நேரம் வாயிலுக்கு வெளியே நிற்கலாம். லாகோஸிலோ நிலைமை தலைகீழ். இந்திய மாணாக்கர் மண்டபத்தை விட்டு வெளியேறி ஒன்றரை மணி நேரம் கழிந்த பின்னரே அங்கு பரீட்சை தொடங்கும். கேம்பிரிட்ஜ் பரீட்சகர்கள் இவ்விடரை வேறு வழியில் தீர்க்கின்றனர். உலகைப் பல வலயங்களாகப் பிரித்து, குறித்ததொரு நேரத்தில் ஒவ்வொரு மாணாக்கனும் பரீட்சையிலோ, தொலைபேசியற்ற மேற்பார்வையிலோ இருத்தல் வேண்டுமென விதித்துள்ளனர். அவ்வாறு காவலில் வைக்க ஏற்பாடு இல்லாத பரீட்சைக்கு ஒரே கணத்தில் தொடங்குவதே வழி.

இனி, ஓமானின் தெற்கே சலாலாவில் வாழும் ஒரு மாணவனை எண்ணிப் பார்ப்போம். அவனுக்குரிய நிலையம் மஸ்கற்றில். தரைவழி ஏறத்தாழ ஆயிரம் கிலோமீற்றர். ஓமான் நேரம் இந்திய நேரத்துக்கு ஒன்றரை மணி பிந்தியது. இந்தியாவில் வாயில் அடைபடும் 1.30 அங்கே சரியாக நண்பகல் 12 மணி. அனுமதி அட்டையில் 1.30 எனக் கண்டு, அதனை ஊர் நேரமாகக் கொண்டு 12.30 க்கு வந்து நிற்பவனுக்கு ஓராண்டு உழைப்பு வீணாகும். அட்டை கைக்கு வந்தவுடன், அதிலுள்ள நேரம் எந்நாட்டினது என்பதை முதலில் நோக்கி, ஊர் நேரத்தை அதன் அருகே எழுதி வைத்தல் வேண்டும்.

பரீட்சை நாள் ஞாயிற்றுக்கிழமை. இந்தியாவில் அது விடுமுறை; ஓமானில் வெள்ளியும் சனியுமே ஓய்வு நாட்கள். ஆதலால் தந்தை முன்னரே விடுப்புப் பெறுதல் வேண்டும். காலையில் அலுவலகம் செல்வோரின் வாகன நெரிசலையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும். நகரின் பெயர் முதலிலும், பாடசாலையின் பெயர் சில நாட்களுக்கு முன்னர் மட்டுமே அனுமதி அட்டை மூலமும் தெரியவரும். எனவே விமானச் சீட்டை நகரை நோக்கி எடுத்து, தங்குமிடத்தைப் பின்னர் மாற்றக்கூடிய முறையிற் பதிவு செய்தல் நன்று. வெள்ளியன்று புறப்பட்டால், சனியன்று பாடசாலை வாயிலை நேரிற் கண்டு வரலாம். பரீட்சை 3.30 க்கு முடியினும், விடைத்தாள்களை எண்ணிப் பெற்ற பின்னரே வெளியேற விடுவர். ஆகவே திரும்பும் விமானம் இரவு வேளையினதாக இருக்கட்டும்.

இறுதியாக உணவு. 12.30 முதல் 3.30 வரை என்பது நாள்தோறும் அவன் உண்டு இளைப்பாறும் வேளை. மண்டபத்துட் கைக்கடிகாரத்துக்கும் அனுமதியில்லை. ஆகையால் முந்திய இரு வாரங்களும் காலை உணவைச் சற்றுப் பிந்தி நிறைவாக உண்டு, அதே மூன்று மணி நேரத்தில் மாதிரி வினாத்தாள்களை எழுதிப் பழகுதல் வேண்டும். சிங்கப்பூர் மாணவன் மாலையிலும், லாகோஸ் மாணவன் காலையிலும் அவ்வாறே பழகுவானாக. பரீட்சை நாளின் பசியும் உறக்கமும் இந்திய நேரத்தை அறியா. அவற்றுக்கு அதனைக் கற்பிக்க இரு வாரங்களேனும் வேண்டும்.