கூட்டுத்தொகை சரி, கணக்கு தவறு: இருப்பாய்வில் இடம் மாறும் பற்றும் வரவும்

தில்லியில் வணிகவியல் ஆய்வு மாணவியாக இருக்கும் நான், இளநிலை முதலாண்டு மாணவர்களுக்கு வாரம் இருமுறை பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். அண்மையில் அவ்வகுப்பில் எழுந்த ஐயம் ஒன்று, கணக்கியல் கற்பிப்போரும் கற்போரும் நின்று பார்க்க வேண்டியது என்று தோன்றியதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

மாணவர்களிடையே சுற்றிவந்த பயிற்சித்தாளில் எளிய கணக்கு ஒன்று இருந்தது. ஒருவர் ரூ. 50,000 ரொக்கத்துடன் புதிதாக வணிகம் தொடங்குகிறார். ரொக்கத்திற்குச் சரக்கு வாங்கியது 12,000. கடனுக்கு விற்றது 9,000. கடனுக்கு வாங்கியது 8,000. வாடகை செலுத்தியது 3,000. கடனாளியிடமிருந்து பெற்றது 5,000. கடனீந்தோருக்குச் செலுத்தியது 4,000. இந்த ஏழு நடவடிக்கைகளையும் குறிப்பேட்டில் பதிந்து, பேரேட்டில் எடுத்தெழுதி, இருப்பாய்வு தயாரிக்க வேண்டும்.

தமிழ்வழிப் பள்ளியில் படித்து வந்த மாணவி ஒருத்தி அதைச் சரியாகவே செய்திருந்தாள். பற்றில் ரொக்கம் 36,000, கொள்முதல் 20,000, கடனாளி 4,000, வாடகை 3,000. வரவில் முதல் 50,000, விற்பனை 9,000, கடனீந்தோர் 4,000. இரு பக்கமும் 63,000.

தாளின் இறுதியில் இருந்த விடையிலோ ரொக்கம் 26,000, கடனாளி 14,000 என்றிருந்தது. மற்றவை அனைத்தும் அவளுடையவையே. கூட்டுத்தொகையும் அதே 63,000. அவள் தன் விடையை அடித்துவிட்டு அச்சிட்ட விடையை எழுதிக் கொண்டு வந்தாள். கேட்டபோது, "அக்கா, அதுவும் டேலி ஆகிறதே. அச்சில் வந்திருப்பதுதானே சரியாக இருக்கும்?" என்றாள். இரண்டு விடைகளும் சமன்படும்போது எது சரி என்று தீர்மானிக்கும் வழி அவளுக்குச் சொல்லித்தரப்படவில்லை. அந்த வழியைத்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

பக்கம் மாறும் பிழை இரு வகைப்படும். ஒரு நடவடிக்கையின் ஒரு கால் மட்டும் மாறுவது ஒன்று. இரு கால்களும் மாறுவது மற்றொன்று. முதல் வகை இருப்பாய்வில் சிக்கும். இரண்டாம் வகை சிக்காது.

முதல் வகையை எடுத்துக்கொள்வோம். வாடகை 3,000 ரொக்கக் கணக்கின் வரவில் முறையாக எழுதப்பட்டு, வாடகைக் கணக்கில் மட்டும் பற்றுக்குப் பதிலாக வரவில் எழுதப்பட்டால், பற்றுப் பக்கம் 60,000 ஆகவும் வரவுப் பக்கம் 66,000 ஆகவும் வரும். வேறுபாடு 6,000; அதாவது பிழையான தொகையின் இருமடங்கு. ஒரு பக்கத்தில் 3,000 குறைந்து, மறுபக்கத்தில் 3,000 கூடியதே காரணம். வேறுபாட்டைப் பாதியாக்கி, அந்தத் தொகையைப் பேரேட்டில் தேடு என்ற பழைய அறிவுரை இதிலிருந்து பிறந்ததே.

ஆனால் பாதியாக்கும் விதி தடயத்தை மட்டுமே காட்டும், தீர்ப்பைச் சொல்லாது. கடனீந்தோருக்குச் செலுத்திய 4,000 ரொக்கக் கணக்கின் பற்றில் தவறாக எழுதப்பட்டதாகக் கொள்வோம். பற்றுப் பக்கம் 8,000 மிகும். நம் கணக்கிலோ 8,000 ரூபாய்க்கே ஒரு கடன் கொள்முதலும் உள்ளது. அதைக் கடனீந்தோர் கணக்கின் வரவில் எழுத மறந்திருந்தாலும் பற்று 8,000 மிகும். வேறுபாட்டின் அளவும் திசையும் ஒன்றே, பிழைகள் வேறு. பாதியாக்கித் தேடுபவர் ஒன்றையும், அப்படியே தேடுபவர் மற்றொன்றையும் கண்டுபிடித்துவிட்டதாக நினைப்பார்கள்.

இவ்விரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய அளவுகோல் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. ஏழு பதிவுகளின் தொகைகளையும் கூட்டினால் 91,000. எடுத்தெழுதுதல் சரியாக நடந்திருந்தால், இருப்புக் கட்டுவதற்கு முன், எல்லாப் பேரேட்டுக் கணக்குகளின் பற்றுத் தொகைகளைக் கூட்டினாலும் 91,000 வர வேண்டும். வரவுத் தொகைகளைக் கூட்டினாலும் அதுவே வர வேண்டும். 4,000 பக்கம் மாறியிருந்தால் பற்று 95,000, வரவு 87,000 என வரும்; இரண்டுமே அளவுகோலிலிருந்து 4,000 விலகி நிற்கும். 8,000 விடுபட்டிருந்தால் பற்று சரியாக 91,000, வரவு மட்டும் 83,000. ஒரு பக்கம் மட்டும் விலகினால் விடுபாடு அல்லது இருமுறை எழுதியது. இரு பக்கமும் எதிரெதிர்த் திசையில் சம அளவு விலகினால் பக்கமாற்றம். இருப்புகளை மட்டும் கொண்டு இருப்பாய்வு தயாரிக்கும்போது இந்தத் தடயம் கரைந்துவிடுகிறது. தொடக்கநிலை மாணவர்களை ஒருமுறையேனும் மொத்தத் தொகை முறையிலும் இருப்பாய்வு போடச் சொல்வது இதற்காகவே பயன் தரும்.

இனி, அச்சிட்ட விடைக்கு வருவோம். அங்கே கடனாளியிடம் பெற்ற 5,000 கடனாளி கணக்கின் பற்றிலும் ரொக்கக் கணக்கின் வரவிலும் எழுதப்பட்டிருக்கிறது. இரு கால்களும் மாறியுள்ளன. ரொக்கம் 36,000 என்பதிலிருந்து 10,000 குறைந்து 26,000 ஆனது. கடனாளி 4,000 என்பதிலிருந்து 10,000 கூடி 14,000 ஆனார். இரண்டும் பற்று இருப்புகளே என்பதால் ஒன்றின் குறைவை மற்றொன்றின் மிகுதி விழுங்கிவிட்டது. இருப்பாய்வு சமன்படுகிறது. கூட்டுத்தொகைகூட மாறவில்லை. மொத்தத் தொகை முறையிலும் 91,000 அப்படியே நிற்கும். எண்களைக் கூட்டிப் பார்க்கும் எந்தச் சோதனையும் இங்கே உதவாது.

உதவுவது இருப்பின் பொருளைக் கேட்பது. அம்மாணவியிடம் நான் கேட்டது இதுதான்: "இந்தக் கடனாளி நம்மிடம் மொத்தம் எவ்வளவுக்கு வாங்கினார்?" ஒன்பதாயிரம் என்றாள். "தொடக்க இருப்பு உண்டா?" இல்லை, வணிகமே புதிது. "அப்படியானால் அவர் எப்படிப் பதினாலாயிரம் தர வேண்டியிருக்கும்?" சிறிது நேரம் தாளையே பார்த்துக் கொண்டிருந்தவள், தான் அடித்த விடையை மீண்டும் எழுதினாள். அச்சிட்ட விடையைத் தள்ளுவதற்கு அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது.

ஒவ்வொரு கணக்கிற்கும் இப்படி ஒரு கேள்வி உண்டு. ரொக்க இருப்பு வரவில் நிற்க முடியுமா? பெட்டியில் இல்லாத பணத்தைச் செலவிட முடியாது. கடனீந்தோர் இருப்பு அவரிடம் வாங்கிய சரக்கின் மதிப்பைத் தாண்டுமா? வாடகை செலுத்தியவரின் ஏட்டில் வாடகை வரவு இருப்பாக நிற்குமா? நின்றால் அது வருமானம் என்றாகிவிடும்.

இச்சோதனைக்கும் எல்லை உண்டு. அந்தக் கடனாளி 9,000க்குப் பதில் 30,000க்குச் சரக்கு வாங்கியிருந்தால், இதே பக்கமாற்றத்தால் வரும் இருப்பு 35,000 ஆகிச் சிக்கிவிடும். ஆனால் இடையில் அவர் முறையாக 20,000 செலுத்தியிருந்தால் இருப்பு 15,000 என வந்து இயல்பாகவே தோன்றும். அப்போது நடவடிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து, குறிப்பேட்டையும் பேரேட்டையும் அருகருகே வைத்து ஒத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. நடைமுறை வணிகத்தில் கையிலுள்ள ரொக்கத்தை எண்ணிப் பார்க்கலாம். பயிற்சித்தாளில் எண்ணுவதற்குப் பெட்டி இல்லை.

இந்தப் பக்கமாற்றம் ஏன் குறிப்பாகப் பணம் பெறும் நடவடிக்கையில் நேர்கிறது? கவனக்குறைவு மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. தமிழில் பணம் வந்தால் அது வரவு. வரவு செலவு என்று பழகிய மாணவர், ரூ. 5,000 கைக்கு வந்ததும் ரொக்கக் கணக்கில் வரவு என்றெழுதத் துணிவது இயல்பே. வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியும் பணம் சேர்ந்தால் வரவு வைக்கப்பட்டது என்கிறது. அது வங்கியின் ஏட்டில் உள்ள நம் கணக்கு. நமக்குத் தர வேண்டியது கூடியதால் வங்கி வரவு எழுதுகிறது. நம் ஏட்டில் அதே தொகை வங்கிக் கணக்கின் பற்று.

என் வகுப்பில் வணிகக் குடும்பங்களிலிருந்து வரும் இந்தி பேசும் மாணவர்களுக்கும் இதே தடுமாற்றம் வேறு உருவில் உண்டு. மரபான பஹி கணக்கு முறையில், பெற்ற பணம் ரொக்க ஏட்டின் இடப்பக்கத்தில் ஜமா என்று எழுதப்படும்; செலுத்தியது வலப்பக்கத்தில் நாமே. நாம் கற்பிக்கும் முறையில் இடப்பக்கம் பற்று. ஜமா என்ற சொல்லோ பாடநூல்களில் வரவைக் குறிக்கிறது. தாத்தாவின் ஏட்டைப் பார்த்து வளர்ந்த மாணவர் இடப்பக்கத்தை நம்புவதா, சொல்லை நம்புவதா?

தமிழ் மாணவர்களுக்கு இச்சிக்கலை அவிழ்க்கும் சொல்லும் தமிழிலேயே இருக்கிறது. மளிகைக் கடையில் பற்று வைத்து வாங்குகிறோம். கடைக்காரரின் பற்று வரவு நோட்டில், நாம் எடுத்துச் சென்ற சரக்கு பற்று. நாம் கொடுத்த பணம் வரவு. யார் பெற்றாரோ அவர் கணக்கில் பற்று, யார் தந்தாரோ அவர் கணக்கில் வரவு. கடனாளி 5,000 தந்தார். எனவே அவர் கணக்கில் வரவு. அதைப் பெற்றது கடைக்காரரின் பணப்பெட்டி. பெட்டியையும் ஓர் ஆளாகப் பாவித்தால் அதன் கணக்கில் பற்று. வரவு என்ற சொல் தவறன்று. அது யாருடைய கணக்கில் எழுதப்படுகிறது என்பதுதான் கேள்வி.

இந்தக் குழப்பம் ஒரு மாணவரிடம் முழுமையாகவும் ஒழுங்காகவும் குடிகொண்டிருந்தால், ஏழு நடவடிக்கைகளும் தலைகீழாகப் பதியப்படும். ரொக்கம் வரவில் 36,000, முதல் பற்றில் 50,000 என்று கண்ணாடிப் பிம்பம்போல் ஓர் இருப்பாய்வு உருவாகும். அதுவும் சமன்படும், கூட்டுத்தொகை 63,000 ஆகவே இருக்கும். பாடநூலின் பின்பக்கத்தில் கூட்டுத்தொகையை மட்டும் விடையாகத் தந்திருந்தால், அம்மாணவர் தன் விடை சரியென்று நிறைவோடு அடுத்த பயிற்சிக்குப் போய்விடுவார். அவர் விடைத்தாளில் முழு மதிப்பெண் போடுவதும் பூச்சியம் போடுவதும் இரண்டுமே பொருந்தாது. ஒரே ஒரு தவறான புரிதல் ஏழு இடங்களில் வெளிப்பட்டிருக்கிறது. ஏழு பிழைகள் அல்ல. திருத்துபவர் முதல் பதிவின் அருகில் அதை எழுதிக் காட்டினால் மற்ற ஆறும் தாமே நிமிரும்.

பயிற்சித்தாள் தயாரிக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். விடையாக வெறும் கூட்டுத்தொகையைத் தராதீர்கள். ஒவ்வொரு கணக்கின் இருப்பையும், அது பற்றா வரவா என்பதையும் சேர்த்துத் தாருங்கள். அச்சுக்கு அனுப்பும் முன், கடனாளி வாங்கியதைவிட மிகுதியாகத் தர வேண்டியிருக்கிறாரா என்று ஒருமுறை பாருங்கள். மாணவர்களுக்குச் சொல்வது: அச்சிட்ட விடையும் உங்கள் விடையும் மாறுபட்டு, இரண்டும் சமன்பட்டால், மாறுபடும் இரு கணக்குகளின் வேறுபாட்டைப் பாதியாக்குங்கள். இங்கே வேறுபாடு 10,000, பாதி 5,000. அந்தத் தொகையுள்ள நடவடிக்கைக்குப் போய், தந்தவர் யார், பெற்றவர் யார் என்று கேளுங்கள். உங்கள் விடையை அடிப்பதா வேண்டாமா என்பதை அதன்பிறகு முடிவு செய்யலாம்.