திறக்க மறுத்த கதவு

எம் தமக்கையார் எண்பது வயதைக் கடந்தவர். தமக்குரிய இன்சுலின் மருந்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருப்பவர். ஒருநாட் காலை, கதவை மூடியபின்னரே மருந்தை எடுக்க மறந்தமை நினைவுக்கு வர, மீண்டும் இழுத்திருக்கின்றார். கதவு அசையவில்லை. "தம்பி, பெட்டி பழுதாய்ப் போச்சுது" என்று கலங்கி எம்மை அழைத்தார். நாம் சென்று இழுத்தபோதோ கதவு இலகுவாகத் திறந்தது!

அப்பொழுது எமது கல்லூரிப் பௌதிக ஆய்வுகூடம் நினைவுக்கு வந்தது. வளி அடைத்த கண்ணாடிக் குமிழைப் பனிக்கட்டியுள் அமிழ்த்த, இரச மட்டம் நகர்ந்ததை நாம் அங்கே கண்டோம். அடைபட்ட வளி குளிருந்தோறும் அதன் அமுக்கம் தனிவெப்பநிலைக்கேற்பக் குறையும் என்று மனனமுஞ் செய்தோம். அக்குமிழே இப்பெட்டி.

கதவைத் திறந்தவுடன் பாரமான குளிர்வளி கீழே வழிந்தோட, அறையின் வெப்பவளி உட்புகுகின்றது. மூடியதும் அது விரைந்து குளிர்கின்றது. 30 பாகையிலிருந்து 5 பாகைக்கு வருமாயின், தனிவெப்பநிலை 303 இலிருந்து 278 ஆகும். அமுக்கம் நூற்றுக்கு 8 பங்கு வீழ்தல் வேண்டும். நீராவி ஒடுங்குவதால் இன்னுஞ் சிறிது வீழும். வெளிவளியோ ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ வீதம் கதவை அமுக்குகின்றது. கதவு 60 சென்ரிமீற்றர் அகலமும் 100 சென்ரிமீற்றர் உயரமும் உடையதாயின், அவ்வெட்டுப் பங்கு 480 கிலோ நிறைக்குச் சமன். எவராலும் திறக்கவியலாது!

நல்வாய்ப்பாக, பெட்டி முற்றாக அடைபட்டதன்று. இறப்பர் விளிம்பின் மடிப்புகளினூடாகவும், நீர் வடியும் சிறு குழாயினூடாகவும் வெளிவளி கசிந்து புகுந்து அமுக்கத்தைச் சமப்படுத்துகின்றது. ஆயினும் கசிவு குளிர்ச்சிக்குச் சற்றுப் பின்தங்கும். ஆயிரத்தில் ஒரு பங்கு அமுக்கம் குறைந்து நின்றாலும் கதவின்மேல் 6 கிலோ. பிணைச்சலுக்கு எதிர்விளிம்பிலுள்ள கைபிடியில் அதன் பாதி, 3 கிலோ. விளிம்பிலுள்ள காந்தத்தின் பிடியும் அதனோடு சேர, முதிய கைக்கு அதுவே பெரும்பாரம்.

மூடிய மறுகணமே இழுத்தால் கதவு இணங்கும், வளி இன்னுங் குளிரவில்லையாதலால். சில விநாடிகளின் பின்னரே பிடிப்பு மிகும். ஓரிரு நிமிடத்திற் பெரும்பாலும் தளர்ந்துவிடும். எந்நேரமும் இறுகியே இருப்பின், விளிம்பிற் பிசுக்கோ உறைபனியோ ஒட்டியிருக்கலாம். மூடிய கதவிடையே வைத்த கடதாசி தடையின்றி வழுவி வருமாயின் விளிம்பு தளர்ந்துவிட்டது என்பது பொருள். வலிந்து இழுத்தாற் கைபிடி முறியலாம். விளிம்பின் ஒரு மூலையைச் சற்றே நெகிழ்த்தினால் வளி சீறி உட்புக, கதவு தானே இணங்கும்.

இவற்றைத் தமக்கையாருக்கு விளக்கினோம். இப்பொழுதெல்லாம் அவர் கதவோடு மல்லுக்கட்டுவதில்லை. கதிரையில் அமர்ந்து அறுபதுவரை எண்ணிவிட்டு எழுகின்றார்.