காலையில் வந்த "அமுக்குவான் பேய்"



போன வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து மண்டபம் கூட்டும்போது நம்ம கோயில் தம்பி ஒருத்தன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "அண்ணே, ரெண்டு வாரத்துல மூணு தடவை என்னை ஏதோ அமுக்குது." நைட் ஷிப்ட் முடிந்து காலை எட்டு மணிக்கு மல்லாந்து படுத்திருக்கிறான். கண் திறந்திருக்கு, காத்தாடி சுத்துறது தெரியுது, அடுப்படியில அம்மா பேசுறதும் கேட்குது. ஆனா விரலைக்கூட அசைக்க முடியல, கத்தினா சத்தம் வரல. கதவோரம் ஒரு நிழல், அப்புறம் நெஞ்சு மேல பாரம். பயத்தில் அவன் தூங்குவதையே குறைத்துவிட்டான். அம்மா தாயத்துக்கு அலைகிறார்.

தோட்டத்து லயத்தில் எங்க பாட்டி இதை அமுக்குவான் பேய் என்பார். மலாய்க்காரர்கள் ஹந்து திண்டிஹ் என்கிறார்கள். ஜப்பானில் கனாஷிபரி. ஊர் ஊருக்குப் பேர் மாறினாலும் நடப்பது ஒன்றுதான். எனக்கும் ஷிப்ட் மாறிய காலத்தில் வந்திருக்கு.

கனவு காணும் தூக்கத்தில் மூளை நம் கை கால்களை ஆஃப் செய்து வைக்கும். இல்லையென்றால் கனவில் ஓடும்போது நிஜமாவே எழுந்து ஓடுவோம். சில சமயம் அறிவு முழித்துக்கொள்ளும், அந்த சுவிட்ச் மட்டும் இன்னும் ஆன் ஆகாது. பாதிக் கனவு கண் முன்னாடியே ஓடும், அதுதான் நிழல். நெஞ்சுத் தசைகளும் தளர்ந்திருப்பதால் நினைத்தபடி ஆழமா மூச்சு இழுக்க முடியாது, அதுதான் பாரம். ஆனா மூச்சுக்கு முக்கியமான உதரவிதானம் வேலை செய்துகொண்டே இருக்கும். அதனால் மூச்சு நிற்காது. சில வினாடியிலோ ஓரிரு நிமிஷத்திலோ தானாக விட்டுவிடும்.

நைட் ஷிப்ட்காரர்களுக்கு ஏன் வருது? கனவுத் தூக்கம் வலுவாக வரும் நேரம் விடியற்காலையும் காலையும்தான். சாதாரணமா படுத்து ஒன்றரை மணி நேரம் கழித்து வருவது, தூக்கம் கெட்டவன் காலையில் படுத்தால் சீக்கிரமே வந்துவிடலாம். வெளிச்சம், சத்தம் என்று நடுவில் முழிப்பு தட்டும். அங்கேதான் சிக்கிக்கொள்கிறோம். பயந்து தூக்கத்தைக் குறைத்தால் இன்னும் அதிகமா வரும். தம்பி மாட்டிக்கொண்டது இந்தச் சுழலில்தான்.

அவனிடம் சொன்னேன்: "திருநீறு பூசிக்கிட்டு படு, தப்பில்ல. ஆனா ஒருக்களிச்சுப் படு, ஜன்னலுக்குத் தடித்த திரை போடு, கைப்பேசியை அணை, லீவு நாளிலும் தூங்குற நேரத்தை ரொம்ப மாத்தாதே. மறுபடி வந்தா முண்டாதே. மெதுவா மூச்சு விட்டு, ஒரு கால் விரலை மட்டும் அசைக்கப் பாரு."

பகலில் அடக்க முடியாமல் தூங்கி விழுந்தாலோ, வாய்விட்டுச் சிரிக்கும்போது முழங்கால் துவண்டாலோ அது வேறு நோயாக இருக்கலாம். கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள்.

நேற்று தம்பி வந்தான். "மறுபடி ஒரு தடவை வந்துச்சு அண்ணே. கட்டை விரலை நினைச்சேன், விட்டுருச்சு. நிழல் வரல." இப்போது ஆறு மணி நேரம் தூங்குகிறானாம்.

உங்கள் வீட்டிலும் நைட் ஷிப்ட் பிள்ளைகள் இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள்.