மூன்று வாரப் பொறுமை

கிள்ளானில் எங்கள் வீட்டை விற்க 2024 ஜூலையில் ஆள் கிடைத்தது. வாங்கியது 350,000 வெள்ளிக்கு. பேசிய விலை 450,000. முத்திரைத் தீர்வை, வழக்கறிஞர் கட்டணம், தரகு என 20,000 போக, ஆதாயம் 80,000.

சாவி கைக்கு வந்தது 2020 மார்ச்சில். ஐந்தாம் ஆண்டில் விற்கிறோம், நில ஆதாய வரி கட்டியே ஆகவேண்டும் என்று நினைத்திருந்தேன். 10,000 வெள்ளி விலக்குப் போக மீதி 70,000. அதற்கு 15 விழுக்காடு, 10,500 வெள்ளி.

வழக்கறிஞர் அம்மா பழைய ஒப்பந்தத்தைப் புரட்டினார். "சாவித் தேதி கணக்கில்லை. நீங்கள் கையெழுத்திட்டது 14.8.2019. விற்கும்போதும் ஒப்பந்தத் தேதிதான். ஐந்து ஆண்டு தாண்டினால் குடிமக்களுக்கு வரி சுழியம்."

அதுவரை முன்பதிவுக் கடிதத்தில்கூட கையெழுத்திட விடவில்லை; அதையே ஒப்பந்தம் என்று சொல்லிவிடலாமாம்.

2023-இல் மூன்றாம் ஆண்டிலேயே நட்டத்துக்கு விற்ற அடுக்குமாடி வீடு நினைவுக்கு வந்தது. அந்த நட்டத்தை ஆதாயத்தில் கழிக்கலாமே என்றேன். "வரியே இல்லாத இடத்தில் எதற்கு? அடுத்து வரி வரும் சொத்தை விற்கும்போது கழிக்கலாம்" என்றார்.

வாங்குபவர் வேறு வீடு பார்த்துவிடுவாரோ என்று மனைவிக்குத் தூக்கமில்லை. எனக்கும்தான். ஆகஸ்ட் 19-ஆம் தேதி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் கையெழுத்திட்டார். வரி இல்லையென்றாலும் 60 நாளுக்குள் பாரம் அனுப்ப வேண்டும் என்றார்கள்; மறுநாளே அனுப்பினோம்.